முதல் நாய்க்கு இரண்டு வயது

நாய் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கப் போகிறது என்று கணக்குப் போட்ட பிறகுதான் எந்த நாய் என்ற பேச்சையே எடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, சென்னை வேளச்சேரியில் ஒரு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். வயது 28. கணக்குப் பிரிவில் வேலை, மாதச் சம்பளம் 38,000 ரூபாய். காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழு ஆகிவிடும். நாய்க்கென்று மாதம் மூவாயிரத்தைச் சுற்றி ஒதுக்கலாம், நான்காயிரத்தைத் தாண்ட முடியாது. இதற்கு முன் நாய் வளர்த்த பழக்கம் கிடையாது. இந்த வீட்டுக்கு வரும் நாய் தினமும் பத்தரை மணி நேரம் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும்.

இந்தப் பத்தரை மணி நேரம் முதலில் அடித்துவிடுவது குட்டியைத்தான். குட்டி சிறுநீரை எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு நாய் வளர்ப்பவர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவது மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். நான்கு மாதத்துக்கு ஐந்து. அதற்கு மேல் போனால் குட்டி இருந்த இடத்திலேயே போய்விடும். தினமும் இப்படி நடந்தால் வீட்டுக்குள் போவதுதான் முறை என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது புதிதாகப் பழக்குவதைவிடக் கடினம். இரண்டு மாதக் குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளை தீனி வேண்டும், ஆறு மாதம் ஆகும்வரை மூன்று வேளை. நான்காம் மாதத்திலிருந்து பல் விழுந்து முளைக்கும்; அப்போது செருப்பு, சார்ஜர் கம்பி, கட்டில் கால் எல்லாமே வாய்க்குள் போகும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாலும், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கணக்கு இருக்கிறது. நாய்க்குட்டியின் மூளை உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பதினான்காவது வாரத்தில் முடிந்துவிடுகிறது. ஆட்டோ சத்தம், பிரஷர் குக்கர் விசில், ஓடுகிற குழந்தை, ஹெல்மெட் போட்ட ஆள், மாடிப்படி ஆகியவற்றை அந்த வாரங்களில் பயமில்லாமல் பார்த்துவிட்டால் பிறகு அவை சாதாரணம். பார்க்காவிட்டால் அவை ஆயுள் முழுக்க ஆபத்தாகவே தெரியும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி போட்டு, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை தொடர வேண்டும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய் ஊசி. அதெல்லாம் முடியும்வரை தெருத் தரையில் இறக்கிவிடவும் கூடாது, ஏனென்றால் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு உலகத்தைக் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் வேளச்சேரிப் பெண் அலுவலகத்தில் இருப்பார், குட்டி பூட்டிய அறையில் இருக்கும். ஒரு வயதில் அது வாசல் மணிக்கு நடுங்கும் அல்லது வருகிறவர்களைப் பாயும் நாயாக வளர்ந்து நிற்கும். காப்பகங்களுக்கு வந்து சேரும் இள நாய்கள் பலவற்றின் பின்கதை இதுதான். அந்த நாய்கள் செய்த தவறு எதுவும் இல்லை.

மலிவாகக் கிடைக்கும் இனக் குட்டியிலும் ஒரு பொறி இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மத்திய விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் முப்பது நாள் குட்டிகள் அட்டைப் பெட்டியில் கைமாறுவது நிற்கவில்லை. தாய்ப்பால் சீக்கிரம் நின்று, தடுப்பூசியும் போடாமல் வரும் அந்தக் குட்டி மூன்றாம் நாள் சாப்பிடாது. நான்காம் நாள் வாந்தியும் ரத்தம் கலந்த, கடும் நாற்றமுள்ள வயிற்றுப்போக்கும் தொடங்கும். அது பார்வோவாக இருந்தால் நாள்கணக்கில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். குட்டிக்குக் கொடுத்த விலையைவிட அந்த வாரத்து மருத்துவச் செலவு அதிகமாகிவிடும். அப்படிச் செலவழித்தும் பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

எனவே முதன்முதலாக நாய் வளர்ப்பவர், அதுவும் நாள் முழுக்க வெளியே இருப்பவர், இரண்டு வயதைக் கடந்த நாயைத்தான் தேட வேண்டும். வளர்ந்த நாய் எட்டு மணி நேரம் சிறுநீரை அடக்கும். ஒரு நாளில் பாதி நேரம் தூங்கும். இரண்டு வேளைத் தீனி போதும். எவ்வளவு பெரிதாகும், எவ்வளவு முடி கொட்டும், குழந்தைகளைக் கண்டால் என்ன செய்யும் என்பதையெல்லாம் ஊகிக்க வேண்டியதில்லை, நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம். குட்டியிலிருந்து வளர்த்தால்தான் பாசம் வரும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. மூன்று வயது நாய் புது வீட்டுக்கு வந்து சில வாரங்களிலேயே வீட்டுக்காரரின் செருப்புச் சத்தத்தை மாடிப்படியிலேயே அடையாளம் கண்டு கதவுக்கு வந்து நிற்பதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

வயது முடிவான பிறகுதான் இனம். சென்னை வெயிலில் இதை முதலில் தீர்மானிப்பது மூக்கும் முடியும். நாய் மனிதரைப்போல உடல் முழுக்க வியர்த்துக் குளிர்ச்சி அடைவதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றுகிறது. பக், ஷீ ஸூ போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதையே குறுகியது, ஆகவே அந்த வழி பாதி அடைபட்டதுபோல ஆகிவிடுகிறது. சைபீரியன் ஹஸ்கிக்குப் பனிப் பிரதேசத்துக்கான இரட்டை அடுக்கு முடி. இவற்றை வைத்திருந்தால் மே மாதத்தில் ஆளில்லாத வீட்டில் பகல் முழுக்க ஏசி ஓட வேண்டும்; மின்சாரம் போனால் அதுவே ஆபத்து. மாதம் மூவாயிரம் ரூபாய்க் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். லாப்ரடார் இனிமையான நாய்தான். ஆனால் 30 கிலோ லாப்ரடாருக்கு 15 கிலோ நாயைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு தீனி வேண்டும். மருந்தும் எடைக்குத் தகுந்த அளவில்தான் கொடுக்கப்படுகிறது. அந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறும் உடல் பருமனும் அதிகம். வேலைக்குப் போகிறவர் வீட்டில் நடையும் குறைந்தால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டுக்கே உரிய இனங்கள் இருக்கும்போது அவற்றை ஏன் எடுக்கக் கூடாது என்ற கேள்வி நியாயமானது. ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவையும் இந்த வெயிலுக்கும் இந்த மண்ணுக்கும் பழகிய உடம்புகள். சிக்கல் உடம்பில் இல்லை, அவை எதற்காக வளர்க்கப்பட்டன என்பதில் இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து முயலை விரட்டிப் பிடிக்க வளர்க்கப்பட்டவை. ஓடுகிற பூனையைப் பார்த்த நொடியில் கயிற்றைப் பிய்த்துக்கொண்டு போகும். திறந்தவெளியில் தினமும் முழு வேகத்தில் ஓடினால்தான் வீட்டில் அமைதியாக இருக்கும். கோம்பையும் ராஜபாளையமும் காவலுக்குப் பெயர்பெற்றவை. அடுக்கு வீட்டில் ஒவ்வொரு லிப்ட் சத்தத்துக்கும் அது எழுந்து நிற்கும். தோட்டமும், நாய் வளர்த்துப் பழகிய ஆளும் இருக்கிற வீட்டில் இவை அருமையான நாய்கள். முழு வெள்ளையாக இருக்கும் ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நாய் பார்க்காதபோது பின்னால் நின்று கை தட்டி, காது திரும்புகிறதா என்று பார்ப்பது முதல் சோதனை.

மிஞ்சுவது இனப்பெயர் எதுவும் இல்லாத சாதாரண நாட்டு நாய். 12 முதல் 20 கிலோ எடை, குட்டை முடி, நீண்ட மூக்கு, விறைத்த காது. பழுப்பு, கறுப்பு, வெள்ளைத் திட்டு என்று பல நிறம். வெளிநாட்டு இனங்களைப் போல சில நாய்களிலிருந்தே திரும்பத் திரும்ப இனம் பெருக்கப்படாததால் பரம்பரை நோய்கள் குறைவு. வாரம் ஒருமுறை சீவினால் போதும், மாதம் ஒருமுறை குளிப்பாட்டினால் போதும். அலுவலகம் போகிறவருக்கும் அளவான பட்ஜெட்டுக்கும் பொருந்துவது இதுதான். ஆனால் எல்லா நாட்டு நாயும் பொருந்தாது. நான்கைந்து வருடம் தெருவில் சுதந்திரமாகச் சுற்றி, தன் எல்லையைத் தானே காத்த நாயைக் கொண்டுவந்து பத்தரை மணி நேரம் அறையில் பூட்டினால் அது தவிக்கும். அதற்குத் தெருவில் சோறு போட்டுப் பார்த்துக்கொள்வதே அன்பு. தேட வேண்டியது ஏற்கெனவே ஒரு வீட்டில் இருந்து கைவிடப்பட்ட நாட்டு நாய், அல்லது குட்டியிலிருந்தே காப்பகத்திலோ தன்னார்வலர் வீட்டிலோ மனிதர்களோடு வளர்ந்த நாய். அது பெண் நாயாக, கருத்தடை செய்யப்பட்டதாக இருந்தால் முதல்முறை வளர்ப்பவருக்கு இன்னும் எளிது. காது நுனியில் சிறு வெட்டு இருந்தால் அது தெருநாய்க் கருத்தடைத் திட்டத்தில் கருத்தடை முடிந்ததற்கான அடையாளம். அதைக் காயம் என்று நினைத்து ஒதுக்க வேண்டாம்.

சென்னையில் 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் ஆஃப் இந்தியா முதல், பகுதி பகுதியாக இயங்கும் சிறு தன்னார்வக் குழுக்கள்வரை தத்துக் கொடுக்கும் இடங்கள் பல இருக்கின்றன. போகும்போது இதைச் செய்ய வேண்டும், அதைச் செய்யக் கூடாது என்று தெரிந்துகொண்டு போனால், முகம் பார்த்து மயங்கி வேறொரு நாயைக் கூட்டிவருவதைத் தவிர்க்கலாம். நாய்த் தேர்வு முழுவதிலும் அதிகக் கவனம் கேட்கும் ஒரு மணி நேரம் இதுதான்.

கூண்டு வரிசையில் நடந்தால் எல்லா நாயும் ஒரே நேரத்தில் குரைக்கும். அந்தச் சத்தத்தில் எதையும் முடிவு செய்யக் கூடாது. கம்பிமேல் பாய்ந்து கையை நக்குகிற நாய்தான் எல்லோர் கண்ணிலும் படும். அதற்கு மணிக்கணக்கில் ஓட இடம் வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி. பின்மூலையில் சுவரோடு ஒட்டி, வாலை வயிற்றுக்கடியில் சொருகி நடுங்கும் நாய் மனதைப் பிசையும். அதைத் தேற்ற அனுபவமும் பகல் நேரமும் வேண்டும். முதல்முறை வளர்ப்பவரிடம் இரண்டும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில், எழுந்து நின்று பார்த்துவிட்டு நிதானமாக முன்னால் வந்து கம்பி வழியாக மோந்து பார்க்கிற நாய் ஒன்று இருக்கும். அதன் கூண்டின் முன் பக்கவாட்டில் திரும்பி உட்கார வேண்டும், கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது. இரண்டு மூன்று நிமிடத்தில் அது பக்கத்தில் வந்து, உடம்பு தளர்ந்து, வாலோடு இடுப்பும் சேர்ந்து ஆடினால் நல்ல அடையாளம். வால் மட்டும் உயரத் தூக்கி விறைப்பாகச் சின்னதாக ஆடுவது நட்பு இல்லை. கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும்படி பார்த்து, உடம்பு உறைந்து நின்றால் கையை நீட்டக் கூடாது.

பிறகு கயிற்றில் வெளியே கூட்டிப்போகச் சொல்ல வேண்டும். பத்தடி தள்ளிச் சாவிக்கொத்தைத் தரையில் போட்டால் நல்ல மனநிலை உள்ள நாயும் துள்ளும். துள்ளிய பிறகு என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. சில நொடியில் தெளிந்து போய்ச் சாவியை மோந்தால், அடுக்கு வீட்டு லிப்டையும் குக்கரையும் அது சமாளித்துவிடும். ஐந்து நிமிடம் கழித்தும் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தால் வேண்டாம். காது, முதுகு, பாதம் என்று தொட்டுப் பார்க்கையில் பாதத்தை இழுத்துக்கொண்டால் பரவாயில்லை. வாயைத் திருப்பி விறைத்தால் அது எச்சரிக்கை. தீனித் தட்டின் முன்னால் நிற்கும்போது உடம்பு கல்லாகிறதா என்று தள்ளி நின்றே பார்க்கலாம்.

இந்தச் சோதனைகளைவிட அதிகம் சொல்லக்கூடியவர் தினமும் கூண்டைக் கழுவுகிறவர். நாய் நல்ல நாயா என்று கேட்டால் எல்லா நாயும் நல்ல நாய் என்றே பதில் வரும். “அண்ணா, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு இவ என்ன பண்றா?” என்று கேட்டால் உண்மை வரும். படுத்துத் தூங்கிவிடுவாள் என்றால் வேளச்சேரி வீட்டுக்கு அவள்தான். கதவு மூடியதிலிருந்து ஊளையிடுவாள் என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அவளுக்கு ஆள் இருக்கிற வீடு வேண்டும். பிடித்துப்போன நாயையும் அன்றே கூட்டிவராமல், வேறொரு நாள், வேறொரு வேளையில் போய் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. காலையில் தீனிக்குக் காத்திருக்கும் நாயும் மதியம் தூங்கி எழுந்த நாயும் ஒரே மாதிரி நடப்பதில்லை.

உடல்நிலையை மேலோட்டமாகப் பார்க்க மருத்துவர் ஆகியிருக்க வேண்டியதில்லை. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வெளிறி, நாய் சோர்ந்து, கால் விரலிடுக்கிலும் காது மடிப்பிலும் உண்ணி இருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். தமிழ்நாட்டு நாய்களை அதிகம் பாடாய்ப் படுத்தும் நோய்களில் அது ஒன்று. மூக்கிலிருந்து ரத்தம் வருவதும் அதன் அடையாளம். சீக்கிரம் கண்டுபிடித்தால் சில வார மாத்திரையில் குணமாகும், விட்டுவிட்டால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து உயிருக்கே வரும். தத்தெடுத்த வாரத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டால் பின்னால் பெரிய செலவு தப்பும். வயது தெரியாவிட்டால் பல் சொல்லும்: ஏழு மாதத்துக்குள் நிலைப்பற்கள் எல்லாம் வந்துவிடும், இரண்டு வயதுவரை பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும், பிறகு கடைவாய்ப் பல்லில் மஞ்சள் காறை படியத் தொடங்கும்.

வேளச்சேரிப் பெண் தேர்ந்தெடுத்தது 15 கிலோ எடையுள்ள, மூன்று வயது, கருத்தடை செய்யப்பட்ட பழுப்பு நிறப் பெண் நாய் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு நாளைக்கு 850 கலோரி அளவில் உணவு வேண்டும். 150 கிராம் அரிசி, 150 கிராம் கோழி, ஒரு பிடி கேரட் அல்லது பூசணி சேர்த்து உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து இரண்டு வேளையாகப் பிரித்தால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். கோழி கிலோ 240 ரூபாய் என்றால் நாளைக்கு 50 ரூபாய், மாதம் 1,500. சோறும் கறியும் மட்டுமே போட்டால் கால்சியம் குறையும். காயவைத்துப் பொடித்த முட்டை ஓட்டை நாளைக்கு அரைத் தேக்கரண்டி கலப்பது மலிவான வழி. அதோடு எந்த விட்டமின் சேர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் மிஞ்சிய குழம்பை ஊற்றிப் பிசைந்து போடுவதுதான் நம் ஊர் வழக்கம். அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதால் அந்த வழக்கம் கூடவே கூடாது. சமைக்க நேரமில்லாத நாளில் கடைத்தீனி 240 கிராம் அளவில் போதும். சாதாரண வகையில் செலவும் பெரிதாக மாறாது.

ஆண்டுக்கு ஒருமுறை தடுப்பூசிகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மாத்திரை, உண்ணித் தடுப்பு மருந்து ஆகியவற்றுக்கு மாதம் 700 ரூபாய் ஒதுக்கிவைக்கலாம். நோய்க்கென்று தனியாக மாதம் 500 ரூபாய் தொடாமல் சேர வேண்டும். வருடத்தில் 6,000 ஆகும், ஒரு உண்ணிக் காய்ச்சலையோ அடிபட்ட காலையோ அது தாங்கும். பெரிய சிகிச்சை வந்தால் தனியார் மருத்துவமனைக்குப் போவதற்கு முன் வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியை நினைக்க வேண்டும். 1903இல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் மருத்துவமனையில் எல்லாப் பிரிவு மருத்துவர்களும் இருக்கிறார்கள், கட்டணமும் குறைவு. கொடுக்க வேண்டிய விலை நேரம். வரிசையில் அரை நாள் போய்விடும், விடுப்பு எடுக்க வேண்டிவரும்.

ஆகக் கூடி 2,700. இதில் சேராத ஒன்றுதான் இந்த வீட்டுக்கு முக்கியமானது: மதிய ஆள். பத்தரை மணி நேரம் வளர்ந்த நாய்க்கும் அதிகம். கீழ்வீட்டில் பகலில் இருக்கும் ஒருவர் ஒன்றரை மணிக்கு வந்து கால் மணி நேரம் வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர் மாற்றிவைத்தால், பத்தரை மணி நேரம் ஐந்தும் ஐந்தரையுமாகப் பிரிந்துவிடும். அதற்கு மாதம் ஆயிரம் ரூபாய் பேசினால் மொத்தம் 3,700; நான்காயிரத்துக்குள் அடங்குகிறது, ஆனால் ஒட்டிக்கொண்டுதான் அடங்குகிறது. அப்படி ஒருவர் கிடைக்காத வீட்டில், மதியம் வந்துபோக அலுவலகமும் பக்கத்தில் இல்லையென்றால், இப்போதைக்கு நாய் வேண்டாம் என்பதே நேர்மையான பதில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது நாய் எங்கே இருக்கும் என்பதையும் தத்தெடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். தீபாவளியன்று வெடிச் சத்தத்தில் பழகாத இடத்தில் விட்ட நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடித் தொலைந்துபோவது எளிது.

கூட்டிவருவதற்கு வெள்ளிக்கிழமை மாலை நல்ல நேரம், அதைத் தொடர்ந்து நான்கைந்து நாள் விடுப்பு இருந்தால் இன்னும் நல்லது. முதல் மூன்று நாள் நாய் சரியாகச் சாப்பிடாது, ஒரு மூலையிலேயே கிடக்கும். விருந்தாளி, குளியல், கொஞ்சல் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு, ஒரு பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டு அந்த மூலையை அதற்கே விட்டுவிட வேண்டும். காலை ஆறு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் ஒரே வழியில் அரை மணி நேரம் நடை. கோடையில் தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஐந்து நொடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

தனிமையைப் பழக்குவதும் இந்த விடுப்பு நாட்களிலேயே தொடங்க வேண்டும். நாள் முழுக்க மடியில் வைத்திருந்துவிட்டுத் திங்கட்கிழமை திடீரென்று பத்து மணி நேரம் காணாமல் போனால் எந்த நாயும் கலங்கும். சாவியை எடுத்து, செருப்பு போட்டு, கதவைச் சாத்தி, ஒரு நிமிடத்தில் திரும்ப வேண்டும். அடுத்து ஐந்து நிமிடம், இருபது நிமிடம், ஒரு மணி நேரம். போகும்போதும் வரும்போதும் பெரிதாகக் கொஞ்சக் கூடாது. பழைய கைபேசி ஒன்றை அலமாரியில் வைத்து வீடியோ எடுத்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகத் தெரியும். நாய் பத்து நிமிடம் கதவைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டால் கவலையில்லை. மூன்று மணி நேரம் கழித்து எழுந்து தலையணையைப் பிய்த்தால் அது சலிப்பு. காலை நடையைக் கால் மணி நேரம் நீட்டி, தீனியில் பாதியைத் துணியில் சுருட்டிவைத்து அது தேடித் தின்னும்படி செய்தால் பெரும்பாலும் அடங்கும். கதவு சாத்திய அரை மணி நேரத்துக்குள்ளேயே எச்சில் வடிய ஊளையிட்டு, கதவு நிலையையே பிறாண்டினால் அது பிரிவுப் பதற்றம். திட்டினாலோ கட்டிப்போட்டாலோ அது கூடும். நேரத்தை மறுபடி ஒரு நிமிடத்திலிருந்து தொடங்க வேண்டும், கால்நடை மருத்துவரையும் பார்க்க வேண்டும். மாத்திரை கொடுத்துப் பழக்குவதும் உண்டு. இரண்டு மாதத்துக்குப் பிறகும் குறையவில்லை என்றால் காப்பகத்திடம் பேசி, ஆள் இருக்கிற வீட்டுக்கு மாற்றுவது நாய்க்குச் செய்யும் துரோகம் ஆகாது. தெருவில் கொண்டுபோய் விடுவதுதான் துரோகம், அது சட்டப்படி குற்றமும்கூட.

காகித வேலை கொஞ்சம்தான், ஆனால் அதை நாய் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அடுக்கு வீட்டுச் சங்கம் நாய் வளர்க்கத் தடை போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் தெளிவாக்கியிருக்கிறது. வாடகை ஒப்பந்தம் வேறு விஷயம். வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் நாயைக் கொண்டுவந்தால் ஆறு மாதத்தில் வீடு மாற்றுவதா நாயை அனுப்புவதா என்ற நிலை வரும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். தத்துப் பத்திரம், கருத்தடைச் சான்று, ஊசி அட்டை மூன்றையும் காப்பகத்திலேயே கேட்டு வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கழுத்துப்பட்டையில் ஒரு சிறு தகட்டில் கைபேசி எண்ணைப் பொறித்து, நாயை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே மாட்டிவிட வேண்டும். புது நாய் கதவு திறந்த நொடியில் ஓடித் தொலைவது பெரும்பாலும் முதல் வாரத்தில்தான். இன்னும் அதற்கு வீடு எது என்று தெரியாது.